பத்தடி ஃப்ளெக்ஸில் மாற்றிய முகம் தனியாகத் தெரியாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

குழுப் படத்தில் ஒருவரின் முகத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்து மாற்றியிருக்கிறீர்கள். மானிட்டரில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதையே பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்து மாட்டியதும் அந்த ஒரு முகம் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தனியாகத் தெரிகிறது. எனக்கு இது நடந்திருக்கிறது. பிரின்டரைக் குறை சொல்ல முடியாது, மொத்த ஃபைலின் ரெசல்யூஷனும் போதுமானதாகவே இருந்தது. நான் ஃபைலை அளந்தேனே தவிர, மாற்றிய முகத்தை அளக்கவில்லை. அந்தத் தவறுக்குப் பிறகு பழகிக்கொண்ட முறையை ஒரே ஒரு வேலையை வைத்து முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன்.

வேலை இதுதான். பேனர் 10 அடி அகலம், 6 அடி உயரம். ஒன்பது பேர் இரண்டு வரிசையாக நிற்கும் குழுப் படம், 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது, 6000 × 4000 பிக்சல். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடியிருக்கிறார். அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் அவர் முகம் சரியாக விழவில்லை. அதனால் வேறொரு நாள் எடுத்த தன் படத்தை அவரே அனுப்பி, அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். (மாற்றுவது யாருடைய முகமோ அவருக்குத் தெரிந்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இந்த வேலையைத் தொட வேண்டும். பேனர் பொது இடத்தில் நிற்கப் போகிற பொருள்.)

முதலில் தூரம், அப்புறம்தான் பிக்சல்

பேனருக்கு எத்தனை பிபிஐ வேண்டும், அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்று கேட்டால் பலரும் 300 என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு அது சரி. 10 × 6 அடிக்கு 300 வைத்தால் 36000 × 21600 பிக்சல் வரும். அவ்வளவு விவரம் உங்கள் கேமராவிலும் இல்லை, பார்ப்பவர் கண்ணுக்கும் எட்டாது. பிரின்டர் மேல் எழுதியிருக்கும் 720, 1440 போன்ற எண்களையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை மைப்புள்ளிகளின் கணக்கு, படத்தின் பிக்சல் கணக்கு வேறு.

சாதாரண நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதைப் பேனருக்கு மாற்றினால் கணக்கு எளிது: 286-ஐப் பார்க்கும் தூரத்தால், அடிக் கணக்கில், வகுத்தால் குறைந்தபட்ச பிபிஐ கிடைக்கும். 10 அடி தூரத்துக்கு சுமார் 29. 20 அடிக்கு 14 போதும். 3 அடிக்கு வந்துவிட்டால் 95 வேண்டும்.

இங்கே சராசரி தூரத்தை எடுக்காதீர்கள், ஒருவர் நின்று பார்க்கக்கூடிய மிகக் குறைந்த தூரத்தை எடுங்கள். உயரத்தில் கட்டும் பேனரை யாரும் கிட்டே போய்ப் பார்க்க முடியாது. தரையோடு நிற்கும் பேனரில் தன் முகம் இருக்கிறது என்றால் ஒருவர் கண்டிப்பாகக் கிட்டே போவார். நம் பேனர் மேடையின் பின்புறம் கட்டப்படுவது, முன்னால் 10 அடிக்கு யாரும் வர முடியாது. ஆகவே 29 என்பது நமக்கான தரைமட்டம். அதன் கீழே எதுவும் போகக் கூடாது. அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி, ஏனென்றால் சிலருக்குப் பார்வை சராசரியைவிடக் கூர்மையாகவே இருக்கும்.

படத்தை பேனரின் விகிதத்துக்கு வெட்டினால் 6000 × 3600 பிக்சல் மிஞ்சுகிறது. 6000-ஐ 120 அங்குலத்தால் வகுத்தால் 50 பிபிஐ. தாராளம்.

ஃபைலுக்கு ஒரு பிபிஐ, முகத்துக்கு ஒரு பிபிஐ

அந்த 50 என்பது குழுப் படத்தின் கணக்கு. வெளியிலிருந்து வந்த முகத்துக்கு அது பொருந்தாது. அதைத் தனியாக அளக்க வேண்டும், அளக்க நல்ல அடையாளம் இரண்டு கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரம். முகத்தின் உயரத்தை எடுத்தால் முடி, தாடி, தலைச் சாய்வு எல்லாம் குழப்பும். இரண்டு படங்களிலும் முகம் ஒரே பக்கம் பார்த்திருந்தால் கருவிழித் தூரம் ஏமாற்றாது.

குழுப் படத்தில் அந்தப் பெண்ணின் கண்கள் மூடியிருந்தாலும் கண்களின் மையத்தை வைத்து அளந்தேன்: 110 பிக்சல். அவர் சாட் செயலியில் அனுப்பிய படத்தில் அதே தூரம் 46 பிக்சல்தான். அதாவது அந்த முகத்தை 2.4 மடங்கு பெரிதாக்கினால்தான் உடம்போடு பொருந்தும். அப்படி நீட்டிய பிறகு அதன் உண்மையான ரெசல்யூஷன் 50 × 46 ÷ 110, அதாவது 21 பிபிஐ. ஃபோட்டோஷாப்பில் Image Size திறந்து பார்த்தால் அப்போதும் 50 என்றே காட்டும். பேனரில் எட்டு முகங்கள் 50-லும் ஒரு முகம் 21-லும் நிற்கும். நமக்குத் தேவையான 29-க்கு அது எட்டவில்லை.

ஆனால் பிக்சல் குறைவதைவிடப் பெரிய கேடு வேறொன்று. சாட் செயலிகள் படத்தைச் சுருக்குவதோடு நில்லாமல், ஜேபெக்கில் கடுமையாக அழுத்தியும் அனுப்புகின்றன. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்தும். கன்னம், நெற்றி போன்ற மென்மையான இடங்களில் அந்தக் கட்டங்களின் ஓரம் லேசாகத் தெரியும். 2.4 மடங்கு நீட்டினால் ஒரு கட்டம் 19 பிக்சல் ஆகும், 50 பிபிஐ-யில் அது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். 10 அடியில் கண் பிரித்தறியும் எல்லை 0.9 மில்லிமீட்டர். ஆகவே கன்னத்தில் சென்டிமீட்டர் அளவுக் கட்டங்கள் தூரத்திலிருந்தே சொரசொரப்பாகத் தெரியும். "தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் மறைந்துவிடும்" என்று சொல்வார்கள். பிக்சலுக்கு அது உண்மை. பிக்சலைவிடப் பெரிய கோளாறுகளை, அதாவது கட்டம், நிற வித்தியாசம், வெட்டிய ஓரம் ஆகியவற்றைத் தூரம் மறைக்காது.

தீர்வு எளிமையானதே: மூலப் படத்தைக் கேளுங்கள். போனில் இருக்கும் ஃபைலை டாக்குமென்டாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பச் சொல்லுங்கள். இந்த வேலையில் மூலப் படம் 4000 பிக்சல் அகலம், கருவிழித் தூரம் 115. பெரிதாக்கத் தேவையே இல்லை, 96 சதவீதத்துக்குச் சற்றே சுருக்கினால் போதும். என் வழக்கம் என்னவென்றால், கிடைக்கும் முகத்தை 1.3 மடங்குக்கு மேல் நீட்ட வேண்டி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வேறு படம் கேட்பேன்.

மூலப் படம் அழிந்துவிட்டது, வேறு வழியே இல்லை என்றால், முழு முகத்தையும் மாற்றாதீர்கள். கண் பகுதியை மட்டும் மாற்றுங்கள். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் குழுப் படத்தில் உள்ளதே இருக்கட்டும். கட்டங்கள் அதிகம் தெரிவது கன்னத்தில்தான், அது தப்பிக்கும். நீட்டுவதற்கு முன்பே Reduce Noise ஃபில்டரில் Remove JPEG Artifact-ஐ டிக் செய்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நீட்டிய பிறகு ஓட்டினால் கட்டம் பெரிதாகிவிட்டிருக்கும், ஃபில்டருக்கு அது கட்டமென்றே தெரியாது.

முகம் மாற்றும் வேலை சிறிய அளவிலேயே நடக்கட்டும்

சிலர் முதலிலேயே படத்தை பேனர் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு அதன் மேல் முகத்தை வைப்பார்கள். அப்படிச் செய்தால் குழுப் படம் ஒரு விதமாகவும் முகம் வேறு விதமாகவும் பெரிதாகி இரண்டின் தன்மையும் பிரிந்துவிடும். குழுப் படத்தின் சொந்த அளவான 6000 × 3600-லேயே மாற்றி முடியுங்கள். பெரிதாக்குவது இரண்டும் ஒன்றான பிறகு.

முகத்தை Smart Object ஆக வைத்தால் திரும்பத் திரும்பச் சுழற்றினாலும் சுருக்கினாலும் தரம் குறையாது. கண்களைப் பொருத்தி, தலைச் சாய்வைச் சரிசெய்து, மாஸ்க்கால் ஓரத்தைக் கரைக்க வேண்டும். மாஸ்க் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதை அடுத்து நிற்பவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவருடைய தாடைக் கோடு பின்னணியோடு கலப்பதற்கு 2, 3 பிக்சல் எடுத்துக்கொண்டால் உங்கள் ஓரமும் அவ்வளவே. கத்தியால் வெட்டியது போன்ற ஓரமும் காட்டிக்கொடுக்கும், பஞ்சு போல மங்கிய ஓரமும் காட்டிக்கொடுக்கும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை மட்டும் எந்த மாஸ்க்காலும் சரிசெய்ய முடியாது. மூக்கு நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் வேறு படம் தேடுவதுதான் வழி.

நிறத்துக்கு அவருடைய சொந்தக் கழுத்தையே அளவுகோலாக வையுங்கள். பக்கத்தில் இருப்பவரின் தோல் நிறம் வேறாக இருக்கலாம், தன் கழுத்தும் தன் தாடையும் ஒத்துப்போயாக வேண்டும். Curves லேயரை முகத்துக்கு மட்டும் கொடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கழுத்தின் எண்களுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கழுத்து இயல்பாகவே சற்று இருட்டாக இருக்கும், ஆகவே வெளிச்சம் அப்படியே ஒன்றாக வேண்டாம், சாயல் ஒன்றானால் போதும்.

கூர்மையும் மணலும்

ஸ்டிக்கர் போலத் தெரிவதற்கு முக்கியமான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழுப் படம் மாலை நேரத்தில், ஐஎஸ்ஓ கூட்டி எடுத்தது. அதில் மெல்லிய மணல் போன்ற நாய்ஸ் இருக்கிறது. பெண்ணின் படம் பகலில் போனில் எடுத்தது. போன் தானாகவே நாய்ஸைத் துடைத்து, ஓரங்களைக் கூர்மையாக்கித் தந்திருக்கிறது. 200 சதவீதத்தில் பார்த்தால் அவருடைய மூக்குக் கண்ணாடியின் கறுப்பு ஃபிரேமை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. கன்னம் மெழுகு போல வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் துகள் தெரிகிறது. மானிட்டரில் படம் முழுவதையும் சுருக்கிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். பேனரில் திரும்ப வந்துவிடும்.

முதலில் கூர்மையைக் குறைக்க வேண்டும். முகத்துக்கு மட்டும் Gaussian Blur 0.5 அல்லது 0.6 பிக்சல். அந்த வெள்ளைக் கோடு மங்கி, கண்ணிமை முடி பக்கத்தில் நிற்பவரின் இமை முடி அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

அடுத்தது நாய்ஸ். இதைக் கண் அளவில் செய்யாமல் எண்ணை வைத்துச் செய்யலாம். பக்கத்து ஆளின் நெற்றியில் பளபளப்போ சுருக்கமோ இல்லாத சிறிய இடத்தை, 30 × 30 பிக்சல் அளவில், தேர்ந்தெடுங்கள். Histogram பேனலை விரித்துப் பார்த்தால் Std Dev என்று ஒரு எண் இருக்கும். வெளிச்சம் சமமாக உள்ள இடத்தில் அது ஏறக்குறைய நாய்ஸின் அளவுதான். எனக்கு அங்கே 5 வந்தது, மாற்றிய முகத்தின் நெற்றியில் 2. இனி முகத்தின் மேல் Overlay முறையில் நடுச்சாம்பல் லேயர் ஒன்றை வைத்து, Add Noise-இல் Gaussian, Monochromatic தேர்ந்தெடுத்து, இரண்டு எண்களும் நெருங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கேமராவின் நாய்ஸ் துகள் பொதுவாக ஒரு பிக்சலைவிடச் சற்றுப் பெரிது. அதனால் சேர்த்த நாய்ஸுக்கும் 0.4 பிக்சல் மங்கல் கொடுத்தால் இயல்பாகச் சேரும். மங்கலாக்கியதும் எண் இறங்கும், மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

முடி ஓரம்வரை நாய்ஸ் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நெற்றியில் மணலும் காதோரத்தில் மெழுகுமாக விட்டுவிடுவது எளிதில் நடக்கும் தவறு.

பெரிதாக்குதல்

இப்போது எல்லா லேயரையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து, Image Size-இல் 120 × 72 அங்குலம், 72 பிபிஐ கொடுங்கள். 8640 × 5184 பிக்சல் வரும். 50 போதும் என்றால் ஏன் 72? பெரிதாக்குவதால் புது விவரம் எதுவும் பிறக்காது. ஆனால் 50-ஐ அப்படியே கொடுத்தால் பிரின்டரின் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு அதை விரிக்கும், சில சமயம் சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு விழும். அந்த விரிவாக்கத்தை நம் கையில் வைத்துக்கொள்ளத்தான் இந்தப் படி. Resample-இல் Preserve Details 2.0 எடுத்தால் Reduce Noise ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த மணலை அது துடைத்துவிடும்.

அச்சுக்காரர் சில நேரம் பத்தில் ஒரு பங்கு அளவில் ஃபைல் கேட்பார். அப்போது 12 × 7.2 அங்குலம், 720 பிபிஐ. பிக்சல் எண்ணிக்கை மாறாது, ஆகவே கவலைப்பட வேண்டாம். பெயர், தேதி போன்ற எழுத்துகளை இந்தப் படத்தில் சேர்க்காமல் வெக்டாராகத் தனியே வையுங்கள். எழுத்தின் ஓரத்தில் உள்ள குறையை முகத்தில் உள்ள குறையைவிடச் சீக்கிரம் கண் பிடித்துவிடும்.

தூரத்துக்கு ஏற்ற ஷார்ப்பனிங்

இதுவரை எங்கேயும் கூர்மையாக்கவில்லை, அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஷார்ப்பனிங் என்பது ஓரத்தின் இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாகவும் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாகவும் ஆக்குவதுதான். அந்தக் கோட்டின் அகலம் பார்ப்பவரின் கண் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் படம் தெளிவாகத் தெரியும். மிகக் குறுகலாக இருந்தால் தூரத்தில் கரைந்து ஒரு பயனும் தராது. அகலமாக இருந்தால் ஒவ்வொருவரைச் சுற்றியும் வெள்ளை வளையம்.

ஆகவே Unsharp Mask-இன் Radius-க்கும் தூரக் கணக்கு உண்டு: பிபிஐ × அடி ÷ 286. நமக்கு 72 × 10 ÷ 286, அதாவது 2.5. இதை மேல் எல்லையாக வைத்து 2-இல் தொடங்குங்கள். Amount 120 பக்கம், Threshold 3 அல்லது 4. புகைப்படத்துக்கு 0.8, 1 என்று கொடுத்துப் பழகியவர்களுக்கு 2 என்பது அதிகமாகப் படும். 100 சதவீதத்தில் பார்த்தால் கரடுமுரடாகவும் இருக்கும். அதை நம்பிக் குறைத்துவிடாதீர்கள், மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பதற்காக இந்தப் படம் செய்யப்படவில்லை.

லேயரை Luminosity முறையில் வைத்தால் ஓரங்களில் நிறக் கோடு வராது. முகம் மாற்றிய படத்தில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும்: தாடையில் மாஸ்க் கரைந்த தையல் கோடு. அது மங்கலாக இருக்கும்வரை கண்ணுக்குப் படாது, ஷார்ப்பனிங் அதையும் ஒரு ஓரம் என்று எண்ணித் தூக்கிக் காட்டும். ஷார்ப்பனிங் லேயருக்கு மாஸ்க் போட்டு, தையல் வரும் பாதையில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் பாதியளவு குறைத்துவிடுங்கள். முழுவதும் அழித்தால் அங்கே ஒரு மங்கல் பட்டை தெரியும்.

மானிட்டரிலேயே பத்தடி

அச்சுக்குப் போகும் முன் உண்மையான அளவில் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் மானிட்டரின் பிபிஐ-யைக் கண்டுபிடியுங்கள்: பக்கவாட்டுப் பிக்சலைத் திரையின் அகலத்தால், அங்குலத்தில், வகுத்தால் போதும். 24 அங்குல, 1920 × 1080 திரையில் அது சுமார் 92. அதை ஃபைலின் 72-ஆல் வகுத்தால் 1.28. ஆகவே 128 சதவீத ஜூமில் அந்த முகம் பேனரில் வரப்போகும் அதே அளவில் திரையில் நிற்கும். இப்போது எழுந்து பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். பக்கத்து முகமும் அதே திரையில் இருக்கட்டும். பார்வை முதலில் எந்த முகத்துக்குப் போகிறது என்று கவனியுங்கள். முடிந்தால் விவரம் எதுவும் சொல்லாமல் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எது மாற்றியது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால் உங்கள் கண் நடுநிலையாக இராது.

ஆனால் மானிட்டர் காட்டாத ஒன்றை ஃப்ளெக்ஸ் காட்டும். மை அதில் சற்றுப் பரவும், இருட்டான நிழல்கள் ஒன்றாக அடைந்துபோகும். கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள நிழல் அடைந்துவிட்டால் முகம் கழுத்திலிருந்து வெட்டியது போலாகும். அச்சுக்காரரிடம் அவருடைய கலர் ப்ரொஃபைலை வாங்கி Proof Colors-இல் அந்த இடத்தைப் பாருங்கள், தேவைப்பட்டால் நிழலைச் சற்றுத் தூக்குங்கள். பின்னால் விளக்கு எரியும் பேனர் என்றால் நிற வித்தியாசங்கள் வேறு மாதிரி வெளிப்படும், அப்போது சோதனைத் துண்டையும் விளக்குக்கு முன் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனைத் துண்டு என்பது மாற்றிய முகமும் பக்கத்து முகமும் சேர்ந்து வரும் 2 × 1 அடிப் பகுதி. முழு அளவில், அதே ஃப்ளெக்ஸில், அதே பிரின்டரில் அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிப் பத்தடியில் நின்று பார்க்கும்போது முகம் மங்கலாகத் தெரிந்தால் Radius-ஐத் தொடாமல் Amount-ஐக் கூட்டுங்கள். வளையம் தெரிந்தால் Radius-ஐக் குறையுங்கள். முகம் மட்டும் வழவழப்பாகத் தெரிந்தால் இந்தப் படியில் எதுவும் செய்ய முடியாது, 6000 பிக்சல் ஃபைலுக்குத் திரும்பிப் போய் நாய்ஸை மறுபடி பொருத்தி, அங்கிருந்து பெரிதாக்கி வர வேண்டும். அதனால்தான் லேயர்கள் உள்ள அந்த ஃபைலை பேனர் கட்டி முடியும்வரை நான் அழிப்பதில்லை.

கொடுக்கும்போது லேயர் எல்லாம் சேர்த்த டிஃப் ஃபைலாகக் கொடுங்கள். ஓரம் மடித்துக் கண்ணி அடிக்க எத்தனை அங்குலம் போகும் என்று கேட்டு, அந்த இடத்துக்குள் எந்தத் தலையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனர் ரோல் அகலத்தைத் தாண்டினால் இரண்டு துண்டாக அடித்து இணைப்பார்கள். அந்த இணைப்பு எங்கே விழும் என்று முன்பே கேளுங்கள், மாற்றிய முகத்தின் மேல் மட்டும் விழவிடாதீர்கள்.